வெளிநாட்டு கார்டு மெஷினில் ரூபாயில் கட்டினேன்: 42,400 என்று காட்டியது, 42,900 போயிருக்கிறது

கோவை_சுந்தரம்

போன மாதம் நானும் மனைவியும் ரோம் போயிருந்தோம். ஹோட்டலைக் காலி செய்யும்போது பில் 400 யூரோ. என் கிரெடிட் கார்டைக் கொடுத்தேன், வீசா கார்டு, இந்திய வங்கி. கவுண்டரில் இருந்தவர் கார்டை மெஷினில் செருகினார், ஏதோ ஒரு பட்டனைத் தட்டினார், பிறகு மெஷினை என் பக்கம் திருப்பினார். திரையில் INR 42,400.00 என்று இருந்தது. ரூபாயிலேயே காட்டுகிறதே, நல்லதுதான், ஊருக்குப் போய்க் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று நினைத்து பின் நம்பரைப் போட்டேன்.

இப்போது ஸ்டேட்மெண்ட் வந்திருக்கிறது. 42,400 ஒரு வரி. அதற்குக் கீழே 424 ரூபாய் ஒரு கட்டணம், அதற்கும் கீழே 76.32 ஜி.எஸ்.டி. மொத்தம் 42,900.32. ரூபாயில்தானே கட்டினேன், பிறகு எதற்கு இந்த 500 ரூபாய்? வங்கிக்குப் போன் செய்தால் "வெளிநாட்டுப் பரிவர்த்தனை சார்" என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. இது சரியா? திரும்பக் கேட்க முடியுமா?

பாலு_திருச்சி

சார், இது டி.சி.எஸ். வெளிநாட்டில் செலவு செய்தால் அரசாங்கம் பிடிக்கிற வரி. வருமான வரி தாக்கல் செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். போன வருடம் டூர் பேக்கேஜ் எடுத்தபோது எனக்கும் பிடித்தார்கள். ஏஜெண்டிடம் சான்றிதழ் கேட்டு வாங்கினேன்.

மீனா_செட்டில்மெண்ட்

பாலு சார், உங்களுக்குப் பிடித்தது டூர் பேக்கேஜுக்கான டி.சி.எஸ்., அது வேறு. வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவை அந்தக் கணக்கில் சேர்ப்பதை 2023 ஜூனிலேயே நிதி அமைச்சகம் தள்ளி வைத்துவிட்டது. சுந்தரம் சாருக்கு வந்திருப்பது வரி இல்லை. 424 என்பது 42,400-ல் சரியாக 1 சதவீதம், 76.32 என்பது அந்த 424-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வங்கியின் கட்டணப் பட்டியலில் "வெளிநாட்டு வியாபாரியிடம் இந்திய ரூபாயில் செய்யும் பரிவர்த்தனை" என்ற தலைப்பில் இது இருக்கும். பல வங்கிகளின் பட்டியலில் டி.சி.சி. மார்க்அப் என்றும் போட்டிருப்பார்கள், அதாவது கடை மெஷினிலேயே உங்கள் ஊர்ப் பணத்துக்கு மாற்றிக் கட்டியதற்கு மேலே சேர்க்கும் கட்டணம்.

நான் பல வருடம் ஒரு வங்கியில் கார்டு செட்டில்மெண்ட் பகுதியில் இருந்தேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கார்டைச் செருகியதும் மெஷின் கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்க்கும். எந்த வங்கி, எந்த நாடு, கார்டின் பணம் எது என்பது அதிலேயே தெரிந்துவிடும். இந்திய கார்டு என்று தெரிந்தவுடன், அந்தக் கடைக்கு மெஷின் கொடுத்த வங்கியோ, அதனுடன் ஒப்பந்தம் போட்ட ஒரு நிறுவனமோ, யூரோவைத் தானே ரூபாயாக மாற்றி ஒரு தொகையைக் காட்டும். அந்த மாற்று விகிதத்தை முடிவு செய்வது அவர்கள். உங்கள் வங்கிக்கும் வீசாவுக்கும் அதில் எந்தப் பங்கும் இல்லை. லாபத்தை அந்த விகிதத்துக்குள்ளேயே வைத்துவிடுவார்கள்.

அதன் பிறகு அந்த 42,400 ரூபாய் இத்தாலியிலிருந்து வீசா வழியாக உங்கள் வங்கிக்கு வருகிறது. பணம் ரூபாயாகவே வந்தாலும் கடை இருப்பது இத்தாலியில். கடையின் நாடும் கார்டின் நாடும் வேறு என்றால் வீசாவோ மாஸ்டர்கார்டோ உங்கள் வங்கியிடம் எல்லை தாண்டிய பரிவர்த்தனைக்கு ஒரு கட்டணம் வாங்கும். அதைத்தான் வங்கி உங்கள் தலையில் 1 சதவீதமாக ஏற்றியிருக்கிறது. மெஷின் காட்டிய தொகை அந்தக் கடையின் தொகை மட்டும்தான். உங்கள் வங்கி மேலே என்ன சேர்க்கும் என்பது அந்த மெஷினுக்குத் தெரியாது.

ஆனால் சார், இந்த 500 ரூபாய் சின்னப் பகுதி. பெரிய தொகை அந்த 42,400-க்குள்ளேயே போயிருக்கிறது. பில் கையில் இருந்தால் அதில் என்ன விகிதம் போட்டிருக்கிறது, மார்க்அப் என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எந்தத் தேதி என்றும் சொல்லுங்கள்.

கணேஷ்_ஆர்

மேடம் சொல்வது பாதிதான் சரி. யூரோவில் கட்டியிருந்தால் வங்கி 3.5 சதவீதம் மார்க்அப் போடும், அதற்கு ஜி.எஸ்.டி. வேறு. ரூபாயில் கட்டினால் அது வராது. 4 சதவீதத்துக்குப் பதில் 1 சதவீதம் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். நான் எப்போதும் ரூபாயில்தான் கட்டுவேன். எவ்வளவு போகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். யூரோ நாளைக்கு ஏறினாலும் கவலை இல்லை.

கோவை_சுந்தரம்

பில்லை எடுத்துப் பார்த்தேன். இப்படி இருக்கிறது:

```
AMOUNT        EUR 400.00
EXCH. RATE    1 EUR = 106.0000 INR
MARK-UP       4.00%
TOTAL         INR 42,400.00
```

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி. எனக்கு எந்தப் பணத்தில் கட்டுவது என்ற தேர்வு கொடுக்கப்பட்டது, என் முடிவே இறுதியானது என்று எழுதியிருக்கிறது. எனக்கு யாரும் எந்தத் தேர்வும் கொடுக்கவில்லை.

மீனா_செட்டில்மெண்ட்

நன்றி சார், இப்போது தெளிவாகக் கணக்குப் போடலாம். நீங்கள் தனிச் செய்தியில் அனுப்பிய தேதிக்கு வீசாவின் தளத்தில் இருக்கும் கணக்கிடும் பக்கத்தில் பார்த்தேன். தேதியையும் இரண்டு பணத்தையும் கொடுத்தால் அன்றைய விகிதம் வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அன்றைக்கு 1 யூரோ 100.20 ரூபாய்.

நீங்கள் யூரோவில் கட்டியிருந்தால் 400 யூரோ முதலில் 40,080 ரூபாய் ஆகியிருக்கும். உங்கள் கார்டுக்கு கணேஷ் சார் சொன்ன 3.5 சதவீதமே என்று வைத்துக்கொள்வோம். அது 1,402.80. அதற்கு ஜி.எஸ்.டி. 252.50. மொத்தம் 41,735.30. நீங்கள் கட்டியது 42,900.32. அதாவது 1,165 ரூபாய் அதிகம். இத்தனைக்கும் 3.5 சதவீத கார்டு என்பது மார்க்அப் அதிகமுள்ள கார்டு.

2 சதவீத மார்க்அப் கார்டாக இருந்தால் யூரோவில் 41,025.89 ஆகியிருக்கும், வித்தியாசம் 1,874. மார்க்அப்பே இல்லாத கார்டாக இருந்தால் 40,080-தான், வித்தியாசம் 2,820. நல்ல கார்டாகத் தேடி எடுத்து வைத்திருப்பவர்தான் அந்த ஒரு பட்டனில் அதிகம் இழக்கிறார். மார்க்அப் இல்லாத கார்டு வைத்திருக்கும் என் தம்பிக்கே இது நடந்தது, எனக்கு அன்று ரொம்ப வருத்தமாக இருந்தது.

கணேஷ் சார், உங்கள் வாதத்தில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. வங்கியின் 3.5 சதவீதம் தவிர்க்கப்படுகிறது, உண்மை. ஆனால் அந்த இடத்தில் மெஷின்காரரின் மார்க்அப் வந்து உட்கார்கிறது. 106-ஐ 100.20-உடன் ஒப்பிட்டால் அது கிட்டத்தட்ட 5.8 சதவீதம்.

கணேஷ்_ஆர்

பில்லில் 4 சதவீதம் என்றுதானே இருக்கிறது? 5.8 எங்கிருந்து வந்தது?

மீனா_செட்டில்மெண்ட்

நல்ல கேள்வி. 4 சதவீதம் எதற்கு மேல் என்று பாருங்கள். 106-ஐ 1.04-ஆல் வகுத்தால் சுமார் 101.92 வருகிறது. அவர்கள் தங்களுக்கு ஒரு அடிப்படை விகிதம் வைத்துக்கொள்கிறார்கள், அதற்கு மேல் 4 சதவீதம். அந்த அடிப்படையே வீசாவின் விகிதத்தைவிட 1.72 ரூபாய் மேலே நிற்கிறது. அதனால் பில்லில் அச்சாகும் சதவீதத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். விகிதத்தையே எடுத்து, அன்றைய வீசா அல்லது மாஸ்டர்கார்டு விகிதத்துடன் நேராக ஒப்பிட வேண்டும்.

ஆரோக்கியராஜ்_மிலான்

நான் இங்கே வேலை பார்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து, மார்க்அப்பை ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்துக்கு மேல் எத்தனை சதவீதம் என்றுதான் காட்ட வேண்டும். அடிப்படையை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. சுந்தரம் அண்ணன் இத்தாலியில் புகார் கொடுக்கலாம்.

மீனா_செட்டில்மெண்ட்

ராஜ், நீங்கள் சொல்லும் விதி உண்மை. ஆனால் அது ஒன்றியத்துக்குள் நடக்கும் பணப் பரிமாற்றங்களைப் பற்றியது. போலந்து கார்டை ரோமில் தேய்த்தால் பொருந்தும். இந்திய வங்கி கொடுத்த கார்டுக்கு அது வராது. சாருக்கு இருக்கும் பிடிமானம் வீசாவின் விதிகள்தான். மெஷின் இரண்டு பணத்திலும் தொகையைக் காட்ட வேண்டும், விகிதத்தைக் காட்ட வேண்டும், கார்டுக்காரர்தான் தேர்வு செய்ய வேண்டும். கடைக்காரர் அவருக்காகத் தேர்வு செய்யக் கூடாது.

ஆரோக்கியராஜ்_மிலான்

அப்படியா, என் கார்டு இத்தாலிய வங்கியுடையது என்பதால் நான் எல்லாருக்கும் என்றே நினைத்திருந்தேன். சரி.

கணேஷ்_ஆர்

மேடம், ஒன்று மட்டும் கேட்கிறேன். மெஷின்காரரின் விகிதம் நியாயமாக இருந்தால்? எல்லா இடத்திலும் 106 போடுவார்கள் என்று சொல்ல முடியாதே.

மீனா_செட்டில்மெண்ட்

அதையும் கணக்குப் போட்டுவிடலாம். சுந்தரம் சாரின் கார்டில் யூரோவழியில் 41,735.30 ஆகும். ரூபாய்வழியில் வங்கி சேர்க்கும் 1 சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால் 1.18 சதவீதம். ஆகவே மெஷின் 41,248 ரூபாய்க்குக் கீழே காட்டினால்தான் ரூபாய்வழி லாபம். யூரோவுக்கு 103.12. அதாவது வீசா விகிதத்துக்கு மேல் 2.9 சதவீதத்துக்குள் மெஷின் மார்க்அப் இருக்க வேண்டும்.

அப்படி இருப்பது நடக்காத காரியம் என்று சொல்ல மாட்டேன். 3.5 சதவீத கார்டை வைத்துக்கொண்டு, குறைவாக மார்க்அப் போடும் கடையில் கட்டினால் ரூபாயே கொஞ்சம் மலிவாகலாம். ஆனால் நான் பார்த்த பில்களில் 4-லிருந்து 7 சதவீதம் வரை சாதாரணம், பணம் எடுக்கும் ஏ.டி.எம்.களில் அதற்கு மேலும் பார்த்திருக்கிறேன். உங்கள் கார்டு 2 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் எல்லை இன்னும் குறுகிவிடும், கிட்டத்தட்ட இடமே இருக்காது.

யூரோ ஏறிவிடுமே என்கிற பயத்தைப் பற்றி: கட்டிய நாளுக்கும் கணக்கில் பதியும் நாளுக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி இருக்கும், அதற்குள் விகிதம் கொஞ்சம் நகரும், ஏறலாம், இறங்கவும் செய்யலாம். அரை சதவீதம் நகர்ந்தாலும் 400 யூரோவுக்கு 200 ரூபாய். அந்தப் பயத்துக்காக 1,165 ரூபாயை முன்கூட்டியே கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கணேஷ்_ஆர்

கணக்கு புரிகிறது. என் கார்டு 3.5 சதவீதம், ஒவ்வொரு முறையும் விகிதத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு இன்னொரு காரணம் உண்டு. நான் கம்பெனி வேலையாகப் போகிறவன். எங்கள் அக்கவுண்ட்ஸில் ரூபாய் அச்சான பில் இருந்தால் அப்படியே பாஸ் ஆகிவிடும். யூரோ பில் கொடுத்தால் ஸ்டேட்மெண்ட் வரும்வரை காத்திரு, எந்த விகிதம், மார்க்அப்பை யார் ஏற்பது என்று ஒரு மாதம் இழுக்கும். என் கைப்பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும்.

மீனா_செட்டில்மெண்ட்

அந்தச் சிரமம் புரிகிறது. ஸ்டேட்மெண்ட்டில் யூரோ தொகையும் ரூபாய்த் தொகையும் இரண்டுமே வரும், அதுவே போதுமான சான்று என்பது என் கருத்து. ஆனால் கேட்கும் அலுவலகம் கேட்கத்தான் செய்யும். அப்புறம் அந்த 1.18 சதவீதம் உங்கள் ரூபாய் பில்லில் இருக்காது, அதைக் கம்பெனி கொடுக்கிறதா என்று பாருங்கள்.

கணேஷ்_ஆர்

இல்லை. அது என் கையிலிருந்துதான் போகிறது. இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

ஷார்ஜா_இப்ராஹிம்

நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். துபாயில் ஒரு பெரிய கடையில் மூன்று வருடம் கேஷியராக இருந்தேன். இந்தியக் கார்டு, பிரிட்டிஷ் கார்டு செருகினால் மெஷினில் இரண்டு வரி வரும். மேலே அவர்கள் நாட்டுப் பணம், கீழே திர்ஹாம். பச்சை பட்டனைத் தட்டினால் மேல் வரி தேர்வாகிவிடும். கீழ் வரி வேண்டும் என்றால் வேறு பட்டன். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது கை தானாகப் பச்சைக்குப் போகும்.

மேனேஜர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாசகம், "உங்கள் ஊர்ப் பணத்திலேயே கட்டிவிடலாம் சார், எவ்வளவு என்று இப்போதே தெரியும்." அந்த மார்க்அப்பில் கடைக்கும் ஒரு பங்கு வரும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை வாடிக்கையாளருக்கு உதவி செய்வதாகவே நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் நானே ரூபாயில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனது சங்கடப்படுகிறது.

அதனால் கார்டைக் கொடுக்கும்போதே, மெஷின் திரும்பி வருவதற்கு முன்பே, "திர்ஹாம்" என்று வாயால் சொல்லிவிடுங்கள். கேஷியர் பட்டனைத் தட்டிய பிறகு சொன்னால் அவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், சிலர் செய்ய மாட்டார்கள்.

வித்யா_தாம்பரம்

எனக்கு ரூபாய் இல்லை, டாலர் காட்டியது! அதனால் ஒன்றும் புரியாமல் போய்விட்டது. நான் ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ போட்டுக்கொண்டு ஃப்ளோரன்ஸ் போனேன். தோல் பை ஒன்று 90 யூரோ. மெஷின் USD 110.57 என்று காட்டியது. என் கார்டு வெளிநாட்டு கார்டுதானே, டாலரில் காட்டுவது இயல்பு என்று நினைத்து சரி என்றேன். பிறகு செயலியில் பார்த்தால் என் யூரோ இருப்பிலிருந்து கிட்டத்தட்ட 98 யூரோ போயிருந்தது. 90 யூரோ பைக்கு 98. கார்டில் யூரோ இருக்கும்போதே எப்படி இது நடக்கும்?

மீனா_செட்டில்மெண்ட்

வித்யா, இது உங்கள் கார்டு வகைக்கே உரிய பிரச்சினை. நீங்கள் உள்ளே எந்தப் பணம் போட்டிருக்கிறீர்கள் என்பது கடை மெஷினுக்குத் தெரியாது. அது பார்ப்பது கார்டு எண்ணின் முன் இலக்கங்களை மட்டும். பல ஃபாரெக்ஸ் கார்டுகள் டாலரை அடிப்படையாக வைத்து வெளியிடப்பட்டவை. மெஷின் உங்களை டாலர்க்காரர் என்று எடுத்துக்கொண்டது.

அங்கே யூரோ ஒருமுறை டாலராக மாறியது. 1 யூரோ 1.17 டாலர் இருந்த நாளில் 1.2285 என்று போட்டிருக்கிறார்கள், அதுவே 5 சதவீதம். டாலர் கோரிக்கை உங்கள் வங்கிக்கு வந்தபோது கார்டில் டாலர் இல்லை. அதனால் யூரோவை எடுத்து, அதை மறுபடி டாலராக மாற்றி, அதற்கு 3.5 சதவீதம் மாற்றுக் கட்டணம் போட்டிருக்கிறது. 110.57 டாலருக்கு 94.50 யூரோ, அதன் மேல் 3.5 சதவீதம், 97.81. நீங்கள் யூரோ என்று தேர்ந்தெடுத்திருந்தால் இருப்பிலிருந்து 90 மட்டும் போயிருக்கும், ஒரு பைசா கட்டணம் இல்லாமல்.

வித்யா_தாம்பரம்

இப்போதுதான் விளங்குகிறது. மாற்றுக் கட்டணமே வேண்டாம் என்றுதானே யூரோவாகப் போட்டுக்கொண்டு போனேன்.

செல்வி_உட்லண்ட்ஸ்

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். உங்களுக்கு ரோமில் நடந்தது எனக்குச் சென்னையிலேயே நடந்தது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் தங்கை கல்யாணப் பட்டு, 52,000 ரூபாய். மெஷினில் SGD 799 என்று வந்தது. அன்றைய விகிதம் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 68 ரூபாய், அதன்படி 765 வெள்ளிதான். அதற்கு மேல் என் வங்கி வெளிநாட்டில் வெள்ளியில் கட்டியதற்கு 1 சதவீதம் போட்டது, மொத்தம் 807. ரூபாயிலேயே கட்டி, என் வங்கியின் 3.25 சதவீதத்தைக் கொடுத்திருந்தால் 790-க்குள் முடிந்திருக்கும். பக்கத்தில் மலேசியாவின் ஜோகூர் போனால் இன்னும் மோசம், பெட்ரோல் நிலையத்திலிருந்து சாப்பாட்டுக் கடை வரை எல்லா மெஷினும் வெள்ளியையே முதலில் காட்டும்.

ஊருக்கு வரும் நம் ஆட்களுக்கு இதைச் சொல்லுங்கள். நம்ம ஊர்க் கடைதானே, நம்மிடம் எதற்கு இது என்று நினைத்துவிடுகிறோம்.

முருகானந்தம்_67

எல்லாரும் கார்டு கார்டு என்கிறீர்கள். ஏ.டி.எம்.மில் பணமாக எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை அல்லவா? அடுத்த வாரம் மகனைப் பார்க்க ப்ராக் போகிறேன்.

ஆரோக்கியராஜ்_மிலான்

ஐயா, ஏ.டி.எம்.மில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சுற்றுலாப் பகுதிகளில் தெருமுனைக்கு ஒன்றாக நிற்கும் மெஷின்களில் முதலில் மெஷினுக்கான கட்டணம் என்று ஒரு திரை வரும். அதை ஏற்றால்தான் பணம் வரும். அடுத்த திரையில் உங்கள் ரூபாயில் ஒரு தொகையைக் காட்டி ACCEPT CONVERSION, DECLINE CONVERSION என்று இரண்டு பட்டன் இருக்கும். இரண்டாவதைத் தட்டினால் பணம் வராதோ என்று பயந்துதான் பலர் முதலாவதைத் தட்டுகிறார்கள். இரண்டாவதைத் தட்டினாலும் பணம் வரும். செக் கொருனா கையில் வரும், கணக்குப் பிறகு உங்கள் வங்கி போடும். சில மெஷின் இரண்டாம் முறையும் "நிச்சயமாகவா?" என்று கேட்கும், அப்போதும் அதையே தட்டுங்கள். தெருவில் நிற்பதை விட்டு வங்கிக் கிளையோடு சேர்ந்த ஏ.டி.எம்.முக்குப் போவது மேல்.

முருகானந்தம்_67

DECLINE CONVERSION. தாளில் எழுதி பர்ஸில் வைத்துவிட்டேன். நன்றி தம்பி.

கோவை_சுந்தரம்

எல்லாருக்கும் நன்றி. என் கேள்வியில் பாதி தீர்ந்துவிட்டது. மீதி, பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்பது. ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நீங்கள் பின் நம்பர் போட்டீர்கள், பில்லிலும் தேர்வு செய்ததாக இருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்துவிட்டது. நான் பார்த்தபோது யூரோ என்ற வரியே திரையில் இல்லை. பின் நம்பர் கேட்கும் திரைதான் என்னிடம் வந்தது.

மீனா_செட்டில்மெண்ட்

சார், கவுண்டரிலேயே நிற்கும்போது கவனித்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும். செலவு செய்த நொடியில் வங்கியின் எஸ்.எம்.எஸ். வருமே, அதில் EUR 400 என்று வராமல் ரூபாய் என்று வந்தாலே அடையாளம். அன்றைய கணக்கை மெஷின் மூடுவதற்குள் கடைக்காரர் அதை ரத்து செய்து யூரோவில் மறுபடி போடலாம். ரத்து செய்த சீட்டில் VOID என்று இருக்கும், அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். லிமிட்டில் இரண்டு தொகையும் சில நாள் முடங்கிக் கிடக்கும், பிறகு ஒன்று விடுபடும்.

இப்போது உங்களுக்கு இருக்கும் வழி, உங்கள் வங்கியில் தகராறு மனு. வீசாவில் இதற்கென்றே ஒரு வகை உண்டு, எண் 12.3, தவறான நாணயம். தேர்வு கொடுக்காமல் வேறு பணத்தில் கட்டவைத்தால் அதில் போகலாம். பரிவர்த்தனை பதிவான நாளிலிருந்து 120 நாளுக்குள் வங்கி அதை எழுப்ப வேண்டும். அதனால் தாமதிக்க வேண்டாம். போனில் "அதிகமாகப் பிடித்துவிட்டார்கள்" என்று சொன்னால் வேறு தலைப்பில் பதிந்து மூடிவிடுவார்கள். "யூரோவில் கட்டும் தேர்வு எனக்குக் காட்டப்படவில்லை, ஊழியரே ரூபாயைத் தேர்ந்தெடுத்தார்" என்று எழுத்தில் கொடுங்கள். வெற்றி பெற்றால் ஹோட்டல் அதே 400-ஐ யூரோவில் மறுபடி பதியலாம், அதனால் முழுப் பணமும் கையில் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வித்தியாசம்தான் உங்களுக்கு மிஞ்சும்.

நிச்சயம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். பின் நம்பர் போட்டபோது திரையில் ரூபாய்த் தொகை இருந்தது என்பது அவர்களுக்குச் சாதகம்.

ஷார்ஜா_இப்ராஹிம்

மேடம், பின் நம்பர் போடுவது தொகைக்குச் சம்மதம். எந்தப் பணம் என்ற தேர்வுக்கு அது எப்படிச் சம்மதம் ஆகும்? அந்தத் தேர்வுத் திரையில் பட்டனைத் தட்டியது நாங்கள், வாடிக்கையாளர் இல்லை. எங்கள் கடையில் இருந்தவன் என்ற முறையில் நான் சாட்சி சொல்வேன்.

மீனா_செட்டில்மெண்ட்

நானும் அதையே நம்புகிறேன், இப்ராஹிம். ஆனால் மெஷினின் பதிவில் தட்டியது யார் விரல் என்று இருக்காது. "கார்டுக்காரர் தேர்வு: INR" என்று மட்டும் இருக்கும். நான் கையாண்ட மனுக்களில் சில வென்றன, சில அந்தச் சின்ன எழுத்துப் பத்தியைக் காட்டியே தோற்றன.

இன்னொன்று சுந்தரம் சார், ஹோட்டலில் சேரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? சில ஹோட்டல்களில் அந்தப் பதிவுப் படிவத்திலேயே "என் கார்டின் பணத்தில் பில் போடச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். அது இருந்தால் அவர்கள் அதைத்தான் வங்கிக்கு அனுப்புவார்கள். முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

கோவை_சுந்தரம்

போட்டேன். பாஸ்போர்ட் எண், வீட்டு முகவரி எல்லாம் எழுதி ஒரு பக்கம். இரவு பதினொரு மணி, வாசிக்கவில்லை. சேரும்போது கார்டில் 100 யூரோ பிடித்தும் வைத்தார்கள், இப்போது பழைய எஸ்.எம்.எஸ்.ஸைத் தேடிப் பார்த்தால் அதுவும் 10,600 ரூபாய் என்றுதான் வந்திருக்கிறது. அதாவது முதல் நாளே ரூபாய் என்று முடிவாகிவிட்டதா?

மீனா_செட்டில்மெண்ட்

அப்படித்தான் தெரிகிறது. அந்த 10,600 வெறும் பிடிப்பு, பில் ஆகாது, தானாக விடுபட்டிருக்கும், லிமிட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஆனால் அந்தப் படிவத்தின் நகல் இப்போது முக்கியம். ஹோட்டலிடம் கேளுங்கள். அதில் அந்த வரி இல்லை என்றால் உங்கள் மனுவோடு அதையும் சேர்த்துவிடுங்கள்.

கோவை_சுந்தரம்

நேற்றே வங்கியில் மனு கொடுத்துவிட்டேன், பதிவு எண் வந்திருக்கிறது. படிவத்தின் நகல் கேட்டு ஹோட்டலுக்கு இன்று காலை எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.